கணம்தோறும் அழிவது எப்படி வேலை செய்யும், எப்படி நினைவு வைக்கும்?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்கு 'கணபங்கம்' என்ற சொல் பழக்கமானதுதான். பெரும்பாலும் அது தோற்றுப்போன கட்சியின் பெயராகவே வரும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் பௌத்தரை நான்கு பிரிவாகப் பிரித்துப் பேசவைத்து மறுக்கிறார். அந்த மறுப்பை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. மறுக்கப்பட்ட கொள்கைக்கு அதன் ஆட்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். நான் சைவன், ஆனாலும் எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு கேட்டபிறகு மறுப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

கொள்கை இதுதான். இருக்கிற எல்லாப் பொருளும் ஒரே ஒரு கணம்தான் இருக்கிறது. தோன்றிய கணத்திலேயே முடிந்துபோய், தன்னைப் போன்ற இன்னொன்றைத் தன் இடத்தில் விட்டுப்போகிறது. நாம் 'அதே குடம்', 'அதே மரம்', 'அதே ஆள்' என்று சொல்வதெல்லாம் உண்மையில் இடைவெளியில்லாமல் ஓடும் ஒரு வரிசை. அந்த வரிசைக்குச் சந்தானம் என்று பெயர். 'எல்லாம் நிலையில்லாதது' என்று புத்தர் சொன்னதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அது வேறு, அதை ஏற்றுக்கொண்டே ஒரு குடம் 50 வருடம் இருந்து பிறகு உடையும் என்று சொல்லலாம். கணபங்கம், புத்தர் போதனையை வகைப்படுத்தி ஆராயும் அபிதர்ம நூல்களின் பிற்காலத்து ஆசிரியர்களும் தருக்க நூலாரும் அதைக் கூர்மையாக்கிச் செய்த கொள்கை. பௌத்தர் எல்லாரும் அதை ஒரே விதமாக ஏற்கவும் இல்லை. இலங்கையில் வழங்கும் தேரவாத அபிதம்மத்தில்கூட ஒரு சடப்பொருள் 17 சித்தக் கணங்கள், அதாவது மனத்தின் கணங்கள், நிற்கும் என்றுதான் கணக்கு. மனத்துக்குத்தான் ஒற்றைக் கணம்.

கணம் எவ்வளவு நேரம் என்று உடனே கேட்பார்கள். பௌத்த ஆசிரியர் வசுபந்து தன் அபிதர்மகோசத்தில் ஒரு கால வாய்பாடு தருகிறார்: 120 கணம் ஒரு தத்கணம், 60 தத்கணம் ஒரு லவம், 30 லவம் ஒரு முகூர்த்தம், 30 முகூர்த்தம் ஒரு நாள். பெருக்கிப் பார்த்தால் ஒரு கணம் ஒரு செக்கனில் 75இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். கொள்கையின் உயிர் அந்த எண்ணில் இல்லை. ஒரு பொருள் எதைச் செய்கிறதோ அதைச் செய்வதற்கு மேல் ஒரு நொடிகூட அது தங்குவதில்லை என்பதுதான் பேச்சு.

ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? கண்ணுக்குத் தெரிகிற கல், கல்லாகவே கிடக்கிறதே. இங்கேதான் 7ஆம் நூற்றாண்டின் பௌத்தத் தருக்க நூலார் தர்மகீர்த்தியும் அவருக்குப் பின்வந்தவர்களும் ஒரு வாதம் வைத்தார்கள். அதற்கு அவர்கள் வழக்கமாக எடுக்கும் உதாரணம் களஞ்சியத்தில் கிடக்கும் விதை. எங்கள் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டியதில்லை.

பெரும்போகத்துக்கு எடுத்துவைத்த விதைநெல் சாக்கில் கிடக்கிறது. விதைக்கப்போகிற நாள் நெருங்கியதும் அதை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஈரம் காயாமல் சாக்காலே மூடிவைக்கிறோம். ஒன்றிரண்டு நாளில் சாக்கைத் திறந்தால் உள்ளே நல்ல சூடு. ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஊசிமுனை போல முளை. பிறகு வட்டைக்குக் கொண்டுபோய்ச் சேற்றில் வீசுகிறோம். சாக்கில் மாதக்கணக்காகக் கிடந்த நெல்லும் இப்போது முளைவிட்ட நெல்லும் ஒரே நெல்தானே?

தர்மகீர்த்தியின் தொடக்கப் புள்ளி இது: இருப்பது என்றால் ஏதாவது செய்வது. எந்த விளைவையும் தராத ஒன்று முயற்கொம்புதான். அதை 'இருக்கிறது' என்று சொல்ல உங்களிடம் என்ன ஆதாரம்? சரி, இப்போது நெல்லைப் பாருங்கள். சாக்கில் கிடந்த நெல்லுக்கு முளைவிடும் திறன் இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் சாக்கிலேயே முளைத்திருக்க வேண்டும். திறன் இருக்கிற ஒன்று ஏன் தாமதிக்கிறது? இல்லை என்றால், கொஞ்சமும் மாறாத அதே நெல் வயலுக்குப் போனாலும் முளைக்காது.

'திறன் இருந்தது, தண்ணீரும் சூடும் மண்ணும் வந்து சேரக் காத்திருந்தது' என்று நாம் சொல்வோம். எந்த விவசாயியும் இதைத்தான் சொல்வார். பௌத்தர் அடுத்த கேள்வியை வைக்கிறார்: அந்தத் துணைகள் வந்து நெல்லுக்கு ஏதாவது சேர்த்தனவா? சேர்க்கவில்லை என்றால் நெல் முன்பிருந்தபடியேதான் இருக்கிறது, துணை வந்தும் பயனில்லை. சேர்த்தன என்றால், சேர்ந்த அந்தச் சிறப்பு நெல்லேதானா, நெல்லுக்கு வேறானதா? நெல்லேதான் என்றால் பழைய நெல் போய்ப் புதிய நெல் வந்துவிட்டது. வேறானது என்றால் முளையை உண்டாக்கியது அந்தச் சிறப்பு. நெல் சும்மா நின்றது. ஆகவே சாக்கில் கிடந்தது ஒன்று, முளையைத் தந்தது இன்னொன்று. முன்னது பின்னதை உண்டாக்கியது, அவ்வளவுதான். சாக்கில் கிடந்த நெல்லும் சும்மா இருக்கவில்லை: ஒவ்வொரு கணத்து நெல்லும் அடுத்த கணத்து நெல்லை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. முளையை உண்டாக்கும் தகுதி, அந்த வரிசையின் கடைசி நெல்லுக்கு மட்டும்.

இதற்கு, நிலையான ஆன்மா உண்டு என்று வாதாடும் தருக்க மரபினரான நியாய நூலார் சொன்ன பதில் எனக்கு இன்றும் பிடித்தது. ஒரு நெல் இந்தப் பாத்தியில் முளையை உண்டாக்குகிறது, அதே கணத்தில் அடுத்த பாத்தியில் உண்டாக்கவில்லை. ஓரிடத்தில் செய்வதும் இன்னோரிடத்தில் செய்யாததும் சேர்ந்து ஒரு நெல்லை இரண்டாகப் பிளக்கவில்லை என்றால், இப்போது செய்வதும் முன்பு செய்யாததும் மட்டும் ஏன் பிளக்க வேண்டும்? துணை இருந்தால் செய்யும், இல்லாவிட்டால் செய்யாது என்பதே அந்தப் பொருளின் ஒற்றைத் தன்மையாக இருக்கலாமே. இதற்குப் பௌத்தர் பதில் எழுதினார்கள், அதற்கு மறுபதிலும் வந்தது. 11ஆம் நூற்றாண்டில் இரத்னகீர்த்தி காலம்வரை இந்தச் சண்டை நெல்மணியைச் சுற்றியே நடந்தது. நமக்கு வேண்டியது, கொள்கை ஒரு மனநிலையிலிருந்தோ துறவு உணர்ச்சியிலிருந்தோ பிறக்கவில்லை, காரணம் என்றால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்தது என்பது.

இப்போது ஆட்சேபத்துக்கு வருவோம். அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எல்லாரும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். ஒரு கணமே இருப்பது எப்படி ஒரு வேலையைச் செய்து முடிக்கும் என்பது ஒன்று. பார்த்தவன் போய்விட்டால் நினைப்பவன் யார் என்பது மற்றது. முதலாவது பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அவ்வளவு பலமில்லை. இரண்டாவதில்தான் உண்மையான சிக்கல்.

வேலையைப் பற்றிய கேள்வி இப்படி வரும்: தோன்ற ஒரு நேரம், செயற்பட ஒரு நேரம், விளைவைத் தர ஒரு நேரம் வேண்டும், கணத்தில் அழிவதற்கு முதல் நேரத்தோடு கதை முடிந்தது. இதற்குப் பௌத்த உரைகளில் எடுத்தாளப்படும் ஒரு பழைய சுலோகம் நேரான பதில். ஆக்கப்பட்டவை எல்லாம் கணிகம், நில்லாதவற்றுக்குச் செயல் ஏது என்று தானே கேட்டு, அவை உண்டாவதுதான் செயல், அதுவேதான் செய்பவனும் என்று முடிக்கிறது. அதாவது முதலில் ஒரு பொருள், பிறகு அது செய்யும் ஒரு வேலை என்று இரண்டு கிடையாது. நெல்லின் கடைசிக் கணம் இருந்ததே முளைக்குப் போதும். முதற்கணத்தில் காரணம், அடுத்த கணத்தில் காரியம். காரணம் காத்துநின்று காரியத்தைக் கையால் பிடித்து இழுக்கத் தேவையில்லை. 8ஆம் நூற்றாண்டில் சாந்தரட்சிதர் தத்துவசங்கிரகத்தில் வினைக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பகுதியில் இதைத்தான் வற்புறுத்துகிறார்.

விதை வீசும் கையை எடுத்தால், கூடையிலிருந்து புறப்பட்டு வரம்பு நோக்கி நகரும் ஒரே கை என்று இங்கே எதுவும் இல்லை. அடுத்தடுத்த இடத்தில் அடுத்தடுத்த கை தோன்றுகிறது. வசுபந்து இதை ஒளிக்காமல் சொல்கிறார்: இயக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது. கேட்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் முரண் எங்கே என்று தேடினால் கிடைக்காது. நாள் முழுக்க உழுதவன் ஒருவன் என்று சொல்லும்போது, ஒரு கணத்து எண்ணம் அடுத்த கணத்து எண்ணத்தைத் தூண்டி, அது கையை அசைத்து, அந்த அசைவு அடுத்த எண்ணத்துக்குக் காரணமாகி ஓடும் வரிசையைத்தான் சொல்கிறோம்.

'அப்படியானால் கடைக் கொப்பியில் கடன் எழுதின ஆள் போயிட்டார், நான் வேற ஆள்' என்று ஒருவர் சொல்லலாம்தானே என்று சிரிப்பார்கள். இந்தப் பகடிக்குப் பாளி நூலான மிலிந்தபஞ்ஹாவில் பழைய பதில் இருக்கிறது. மாங்காய்த் திருடன் ஒருவன் அரசன் முன் நின்று, 'இவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய்' என்கிறான். தப்புவானா? மாட்டான்; பறித்த மாங்காய் நட்டதைச் சார்ந்துதான் வந்தது. ஒரே பொருள் அல்ல என்பதால் தொடர்பு அறுந்துவிட்டது என்று ஆகாது. செய்தவனே அனுபவிக்க வேண்டும் என்ற நம் கோரிக்கையைப் பௌத்தர், செய்த வரிசையிலேயே பயன் விளைய வேண்டும் என்று மாற்றிக்கொள்கிறார். இதில் சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பெரிய சேதம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி நினைவு. நியாய சூத்திரத்தில் இதற்கு அழகான உதாரணம் உண்டு: புளிப்பான பழத்தைக் கண்டதும் நாக்கில் நீர் ஊறுகிறது. கல்முனையில் பஸ் நிற்கும்போது உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கீறிய மாங்காயை யாரோ யன்னலருகே நீட்டுகிறார். உங்கள் கண் மட்டும்தான் அதைத் தொட்டது. நாக்கு அதைத் தொடவே இல்லை. ஆனாலும் வாய் நனைகிறது. ஏன்? முன்பொருநாள் இதே நிறமும் வடிவமும் உள்ளதைத் தின்றபோது புளித்தது நினைவுக்கு வருகிறது. கண்ணுக்குப் புளிப்புத் தெரியாது, நாக்குக்கு நிறம் தெரியாது. இரண்டையும் அறிந்து, அன்றும் இன்றும் இருந்து, இணைத்துப் பார்க்கிற ஒருவர் வேண்டும். அவர்தான் ஆன்மா என்கிறார் நியாய நூலார். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஐம்புலன்களையும் அறியும் ஒருவனைக் காட்டி ஆன்மா உண்டு என்று நிறுவும்போதும் இந்த வாதத்தின் உறவுக்காரர்தான் பேசுகிறார்.

கணபங்கத்தில் இது என்ன ஆகும்? அன்று மாங்காய் தின்ற அறிவு போய்விட்டது. இன்று பார்க்கும் அறிவு வேறு. ஒருவர் கண்டதை இன்னொருவர் நினைப்பாரா? கண்டது காத்தான்குடியில் ஒருவர், நினைப்பது திருக்கோவிலில் வேறொருவர் என்று ஆகாதா?

வசுபந்து இந்தக் கேள்வியைத் தானே எழுப்பிப் பதில் சொல்கிறார். அந்த இருவரின் மனங்களுக்கிடையே காரண காரியத் தொடர்பு இல்லை. அதனால் ஒருவர் கண்டது மற்றவருக்கு நினைவாவதில்லை. ஒரே வரிசைக்குள் தொடர்பு உண்டு. அன்றைய புளிப்பு அறிவு தன் அடுத்த அறிவில் ஒரு பதிவை, வாசனையை, விட்டுப்போனது. அந்தப் பதிவு கணத்துக்குக் கணம் கைமாறி வந்தது. இன்று அதே நிறம் கண்ணில் பட, பதிவு விழித்து நினைவாக வருகிறது. நினைவுக்கு வேண்டியது அன்றைய ஆள் இன்றுவரை உயிரோடு நிற்பது அல்ல. அன்றைய அனுபவம் இன்றைய அறிவுக்குச் சரியான வழியில் காரணமாக இருப்பது. பிற்காலப் பௌத்தரும் அவர்களை மறுத்தவர்களும் ஒருபோல எடுத்தாண்ட சுலோகம் ஒன்று பருத்தியைக் காட்டும்: விதையில் அரக்குச் சாயம் ஏற்றினால் பஞ்சில் சிவப்பு வரும், எந்த வரிசையில் பதிவு வைக்கப்பட்டதோ அந்த வரிசையிலேயே பயன். நடுவிலுள்ள தண்டிலோ இலையிலோ சிவப்பு நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை. உண்மையில் பருத்தி அப்படிச் சிவக்குமா என்பதை விடுங்கள். வாதத்துக்கு வேண்டிய வடிவம் அதில் இருக்கிறது.

'நினைவு யாருடையது?' என்று கேட்டால், சைத்திரனுடைய பசு என்று சொல்வதுபோல, உடைமை என்பதும் ஒருவகைக் காரணத் தொடர்புதான் என்று முடிக்கிறார் வசுபந்து.

இதுவரைக்கும் பௌத்தர் கை மேலே. இனிமேல்தான் எதிர்க்கட்சி சரியான இடத்தில் குத்துகிறது. காரணத் தொடர்பு இருந்தால் நினைவு வரும் என்றால், ஆசிரியரின் அறிவு மாணவனின் அறிவுக்குக் காரணம்தானே? சாத்திரங்களையும் சூத்திரங்களையும் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சின்ன வயதில் வாவியில் விழுந்த நினைவு மாணவனுக்கு ஏன் வரவில்லை? தொடர்பு உண்டு, நினைவு இல்லை. ஆகவே வெறும் காரணத் தொடர்பு போதாது.

பௌத்தர் பதில்: காரணம் இரண்டு வகை. நம் சித்தாந்தப் பேச்சில் சொன்னால், முதற்காரணமும் துணைக்காரணமும். மாணவனின் புதிய அறிவுக்கு அவனுடைய முந்தைய கணத்து மனம் முதற்காரணம், ஆசிரியர் துணைக்காரணம். வாசனை முதற்காரண வழியில்தான் கைமாறும். சரி, ஆனால் இது முதற்காரணம், இது துணை என்று எப்படித் தெரியும்? 'ஒரே ஆளின் வரிசையில் இருப்பது முதற்காரணம்' என்று சொன்னால் ஆட்டம் முடிந்தது: ஆளை விளக்க வரிசை, வரிசையை விளக்க ஆள் என்று வட்டமடிக்கும். கணபங்கத்தைப் பற்றிய பல சுருக்கங்கள் இங்கே வந்ததும் பௌத்தர் தோற்றார் என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

தர்மகீர்த்தியிடம் ஒரு சோதனை இருக்கிறது, அதைச் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. ஒன்றை மாற்றாமலே இன்னொன்றை மாற்ற முடியுமானால், முன்னது பின்னதற்கு முதற்காரணம் அல்ல. மனத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவைப் பேசும் இடத்தில் அவர் இந்த விதியைச் சொல்கிறார். அதை வகுப்பறையில் பொருத்திப் பாருங்கள். பாடம் நடந்த அன்று வாத்தியாருக்கு மனக்கவலை, பாடத்தை மட்டும் வழக்கம்போல் சொன்னார். மாணவனுக்குக் கிடைத்தது மாறவில்லை. அதே பாடத்தை ஒலிநாடாவில் கேட்டாலும் ஏறக்குறைய அதே அறிவு கிடைக்கும். ஆனால் மாணவனின் முந்தைய மனத்தை மாற்றுங்கள்: அவன் தூக்கக் கலக்கத்தில் இருந்தால், அல்லது போன வாரப் பாடத்தைத் தவறாக விளங்கியிருந்தால், அதே வாத்தியார் அதே சொல்லைச் சொன்னாலும் கிடைக்கும் அறிவு வேறு. அவன் மனத்தைத் தொடாமல் அவன் அறிவை மாற்ற வழியில்லை. வாத்தியார் மனத்தைத் தொட்டும் அவன் அறிவு மாறாமல் இருக்கலாம். இந்த வேறுபாட்டைச் சொல்ல 'ஆள்' என்ற சொல் தேவைப்படவில்லை. வட்டம் உடைகிறது.

முழுவதும் உடைகிறதா? எனக்கு அங்கே ஒரு தயக்கம் இருக்கிறது. இந்தச் சோதனை ஏன் மாணவனுக்கு வாத்தியாரின் நினைவு வரவில்லை என்பதை விளக்குகிறது. நினைக்கும்போது 'நான்தான் தின்றேன்' என்று வருகிறதே, அதை விளக்கவில்லை. வரிசையில் ஓடிவந்த பதிவு 'புளிப்பு' என்று மட்டும் விழிக்கலாமே. 'நான்' என்ற ஒட்டு எங்கிருந்து வந்தது? பௌத்தர் அதைப் பிழை என்கிறார். வெட்டிய முடி திரும்ப வளர்ந்ததும் 'அதே முடி' என்கிறோம்; வெட்டிய நகம் வளர்ந்ததும் 'அதே நகம்' என்கிறோம். ஒத்திருப்பதை ஒன்றாக எடுக்கும் பழக்கம். 'அதே நான்' என்பதும் அந்தப் பழக்கம்தான்.

சங்கரர் பிரம்மசூத்திர உரையின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறார். இது அதுபோல இருக்கிறது என்று சொல்லவே இரண்டையும் கண்ட ஒருவர் வேண்டும்; முதலாவதைக் கண்டவர் போய்விட்டால் ஒப்பிடுவது யார்? அத்தோடு, வெளிப்பொருளைப் பற்றி 'இது அதுவா, அதுபோன்ற வேறா' என்ற ஐயம் வரும். முடியைப் பற்றி வரும், முகத்தைப் பற்றியும் வரும். 'நேற்றுக் கண்டது நானா, என்னைப் போன்ற இன்னொருவரா' என்ற ஐயம் யாருக்கும் வந்ததில்லை.

முதற்பாதிக்குப் பௌத்தர் பதில் சொல்லிவிடலாம்: இன்றைய அறிவு பழையதன் சாயலைத் தன்னுள் கொண்டே தோன்றுகிறது, ஒப்பீடு அந்த ஒற்றை அறிவுக்குள்ளேயே நடக்கிறது, இரண்டு நாளும் நிற்கும் ஆள் தேவையில்லை. பின்பாதிக்கு அவரிடம் இருப்பது, ஐயம் வராதது உண்மைக்குச் சான்று அல்ல என்ற ஒரே பதில். கனவு காணும்போது யாருக்கும் ஐயம் வருவதில்லை. கனவு அதனால் மெய்யாகிவிடவில்லை. சங்கரர் பக்கத்தார் அதற்கு, கனவு பொய் என்று விழித்தபின் தெரிகிறது, 'அதே நான்' என்பது பொய் என்று எந்த விழிப்பில் தெரிந்தது என்று கேட்கலாம். தெரியும், அதைத்தான் நிர்வாணம் என்கிறோம் என்பார் பௌத்தர். அந்த இடத்துக்கு வந்ததும் வாதம் நெல்மணியை விட்டு, தியானத்தையும் அதில் கண்டவற்றையும் நம்பலாமா என்ற கேள்விக்குள் போய்விடுகிறது.